ஐசியூவிலிருந்து தினமும் வரும் தகவல்: வீட்டார் கேட்கும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டராக இருக்கிறேன். தினமும் மாலை ஒவ்வொரு நோயாளியின் வீட்டாரிடமும் பேசி அன்றைய நிலையைச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பதில்களில் ஓர் அம்மா அடிக்கடி வருவார். வயது 61. கடுமையான நிமோனியா, அதன் தாக்கம் உடல் முழுக்கப் பரவி ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் வந்தவர். அவருடைய மூத்த மகள்தான் தினமும் என்னிடம் பேசுவார். நான் பார்த்த பலரைச் சேர்த்து இந்த ஒருவராக எழுதியிருக்கிறேன். யாருடைய சொந்தக் கதையும் இதில் அப்படியே இல்லை.

"மூணு நாளா ஸ்டேபிள், ஸ்டேபிள்னு சொல்றீங்க. அப்போ தேறிட்டாங்களா?"

இல்லை. கடந்த சில மணி நேரத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. மோசமான நிலையிலேயே மாறாமல் இருப்பவரையும் நாங்கள் "ஸ்டேபிள்" என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். ஷிஃப்ட் மாறும்போது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் சொல்ல அது வசதியான சொல். வீட்டார் காதில் விழும்போது அது "ஆபத்து நீங்கிவிட்டது" என்று மாறிவிடுகிறது.

அந்த அம்மாவின் இரண்டாம் நாளை எடுத்துக்கொள்வோம். மானிட்டரில் ரத்த அழுத்தம் 110-க்கு 65. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நல்ல எண்தான். ஆனால் கட்டிலருகே ஒரு சின்ன பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நார்அட்ரினலின் என்ற மருந்து ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து அந்த 110-ஐ உண்டாக்கிக்கொண்டிருந்தது. பம்பின் சிரிஞ்ச் தீர்ந்து புதியதை மாற்றும் அரை நிமிட இடைவெளியில்கூட அழுத்தம் சரசரவென்று இறங்கும். அதனால்தான் நர்ஸ் அடுத்த சிரிஞ்சைத் தயாராக வைத்துக்கொண்டு, கண்ணை மானிட்டரிலிருந்து எடுக்காமல் மாற்றுவார். அந்த அம்மா "ஸ்டேபிள்" ஆக இருந்தது அப்படித்தான்.

அன்று மாலை மகளிடம் நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. இப்படிச் சொன்னேன்: "நேற்றைவிட மோசமாகவில்லை. நல்லதாகவும் ஆகவில்லை. மூச்சு மெஷின் விடுகிறது, ரத்த அழுத்தத்தை மருந்து தாங்குகிறது. இந்த இரண்டில் ஒன்றைக்கூட இன்று குறைக்க முடியவில்லை. அம்மா இன்னும் மிகவும் ஆபத்தான நிலையில்தான் இருக்கிறார்."

யாராவது உங்களிடம் "ஸ்டேபிள்" என்றால், "எந்தெந்த உதவியோடு ஸ்டேபிளாக இருக்கிறார்? நேற்றைவிட அந்த உதவி கூடியதா, குறைந்ததா?" என்று கேளுங்கள்.

"ஆக்சிஜன் நேத்து 60-ன்னீங்க, இன்னைக்கு 45-ங்கறீங்க. குறைஞ்சுக்கிட்டே போகுதே?"

இந்த இடத்தில் குறைவது நல்லது. குழப்பத்துக்குக் காரணம், ஆக்சிஜன் என்ற ஒரே பெயரில் இரண்டு எண்கள் உலவுவதுதான்.

விரலில் மாட்டியிருக்கும் கிளிப் காட்டுவது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை. அது 90-க்கு மேல் இருக்க வேண்டும், கீழே போனால் கவலை. இன்னோர் எண், வென்டிலேட்டர் உள்ளே அனுப்பும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு. நாம் எல்லோரும் மூச்சுவிடும் சாதாரணக் காற்றில் அது 21 சதவீதம். அந்த அம்மாவுக்கு முதல் நாள் 80 சதவீதம் கொடுக்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் 45 போதுமாக இருந்தது, கிளிப்பின் எண்ணும் 94-ல் நின்றது. நுரையீரல் கொஞ்சம் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

நான் "45" என்று சொன்னதை மகள் வேறு ஊரிலிருக்கும் தம்பியிடம் சொல்ல, அவர் கிளிப் எண்தான் 45 என்று எடுத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறார். தவறு அவருடையது அல்ல. எண்ணை மட்டும் சொல்லி, அது எந்தப் பக்கம் போனால் நல்லது என்று சொல்லாமல் விட்டது நான். அன்றிலிருந்து முதலில் திசையைச் சொல்கிறேன், எண்ணைப் பிறகுதான்.

சிறுநீரும் அப்படித்தான். அங்கே கூடுவது நல்லது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும் என்பது எங்கள் தோராயக் கணக்கு. அந்த அம்மாவுக்கு 10, 15 என்றுதான் வந்தது. ஆக, நான்காம் நாள் நுரையீரல் ஒரு பக்கம் நகர்ந்தது, சிறுநீரகம் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. "இன்று நல்ல நாளா, கெட்ட நாளா" என்று கேட்டால் இரண்டும்தான். இதில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்திருந்தால் நான் சொன்னது பொய்யாகாது, ஆனால் மகள் மனதில் பதிந்தது பொய்யாகியிருக்கும்.

இன்னொன்று. பம்ப் மணிக்கு எத்தனை மில்லி ஓடுகிறது என்பதை வேறோர் ஆஸ்பத்திரியில் இருந்த உறவினரோடு ஒப்பிடாதீர்கள். மருந்தை எவ்வளவு கரைசலில் கலக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதே பம்பில் நேற்றும் இன்றும் என்ன என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

"பிழைப்பாங்களா, மாட்டாங்களா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

முதல் நாள் இரவு மகள் இதைத்தான் கேட்டார். நான் சொன்னது: "அம்மா இறந்துவிடக்கூடும் என்று பயப்படுகிறேன். பிழைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. இரண்டில் எது நடக்கும் என்று இன்று எனக்குத் தெரியாது."

இறப்பு என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். "எதுவும் சொல்றதுக்கில்ல", "நம்ம கையில இல்ல", "கொஞ்சம் சீரியஸ்தான்" என்றெல்லாம் சொன்னால், கேட்பவர் தன் மனம் தாங்கக்கூடிய பொருளைத்தான் அதற்குள் வைப்பார். அதில் அவர்மேல் குறையில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம்.

"24 மணி நேரம் கழிச்சுதான் சொல்ல முடியும்" என்று ஒரு வழக்கு இருக்கிறது. நானும் பல வருடம் அதைச் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்ட குடும்பம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். 24 மணி நேரம் முடிந்ததும் "தாண்டிட்டாங்க, இனி பயமில்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். உடலுக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. அந்த நேரத்தில் எதைப் பார்க்கப்போகிறோம் என்று சொல்லாமல் மணிக்கணக்கை மட்டும் கொடுப்பது, தெரியாது என்பதை நாகரிகமாக மறைப்பதுதான்.

"தெரியாது" என்பதிலேயே வகைகள் இருக்கின்றன. எது எந்த வகை என்று உங்களுக்குத் தெரிந்தால் காத்திருப்பது கொஞ்சமாவது எளிதாகும். ஒரு வகை, ரிசல்ட் வராததால் தெரியாதது. ரத்தத்தில் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர், கிருமி வளர்வதற்கே இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதுவரை எங்கள் ஆன்டிபயாடிக் ஓர் ஊகம்தான், அனுபவத்தின் மேல் எழுந்த ஊகம். இது தேதி சொல்லக்கூடிய "தெரியாது". இன்னொரு வகை, உடல் காட்டினால்தான் தெரியும். மருந்தைக் குறைத்தால் ரத்த அழுத்தம் தாங்குமா என்பது குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். எப்போது முயல்வோம் என்று சொல்லலாம், முடிவைச் சொல்ல முடியாது. மூன்றாவது வகை எவ்வளவு டெஸ்ட் எடுத்தாலும் தெரியாதது. இந்த அம்மா, இவர் ஒருவர், பிழைப்பாரா என்பது முதல் நாளில் அந்த வகை.

டாக்டர் "தெரியாது" என்றால், "எப்போது தெரியும், எதை வைத்துத் தெரியும்?" என்று கேளுங்கள். மூன்றாவது வகையாக இருந்தால் அதையும் அவர் சொல்லட்டும்.

"ஒரு பர்சன்டேஜாவது சொல்லக்கூடாதா?"

சொல்லலாம், கேட்டால் சொல்கிறேன். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அப்பாச்சி, சோஃபா என்று மதிப்பெண் முறைகள் இருக்கின்றன. ரத்த அழுத்தம், சிறுநீரகம், நினைவு என்று பலவற்றைக் கூட்டி நோயின் கடுமையை அளப்பவை. அவை நூறு பேர் கொண்ட கூட்டத்தைப் பற்றி ஓரளவு சரியாகப் பேசும். நூறு பேரில் 40 பேர் இறப்பார்கள் என்றால், உங்கள் அம்மா அந்த 40-லா, மீதி 60-லா என்பதை அந்த எண் சொல்லாது. வீட்டாரோ 60 என்ற எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி எடுத்துக்கொண்டு, மறுநாள் 65 ஆயிற்றா என்று கேட்பார்கள். அப்படி நாளுக்கு நாள் ஏற்றி இறக்கச் சொல்லும் அளவுக்கு அது நுணுக்கமானது அல்ல.

அதைவிட எனக்குப் பயன்படுவது வேறொரு முறை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் மார்கரெட் ஷ்வார்ஸும் அவர் குழுவினரும் உருவாக்கியது. மிக நல்லபடி போனால் எப்படி இருக்கும், மிக மோசமாகப் போனால் எப்படி இருக்கும், இந்த இரண்டுக்கும் நடுவே எது நடக்கும் என்று டாக்டர் நினைக்கிறார், இதை மூன்று சிறு கதைகளாகச் சொல்வது. நான்காம் நாள் நான் மகளிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எல்லாம் நல்லபடியாகப் போனால் இன்னும் ஒரு வாரத்தில் மெஷினிலிருந்து விடுபடுவார். அப்போதும் நடக்கப் பல வாரம் ஆகும், சிறுநீரகம் முழுதாகத் திரும்புமா என்று தெரியாது. மோசமாகப் போனால் புதிதாக ஒரு தொற்று வரும், ரத்த அழுத்தம் மறுபடி விழும், இந்த வாரமே இறந்துவிடலாம். நடுவில் எது என்று கேட்டால், மெஷினில் நீண்ட நாள் இருப்பார், டயாலிசிஸ் தேவைப்படும், முன்னே ஒரு அடி பின்னே ஒரு அடி என்று போகும் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தவறாகவும் போகலாம்."

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ நல்லபடியா போனாலும் பழைய அம்மா உடனே வரமாட்டாங்க, அப்படித்தானே டாக்டர்?" என்றார். எந்த சதவீதத்தைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு அது புரிந்திருக்காது.

"காலையில ஒரு டாக்டர் பரவாயில்லைன்னார், சாயங்காலம் இன்னொருத்தர் கவலைக்கிடம்ங்கறார். யாரை நம்பறது?"

பெரும்பாலும் இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். சிறுநீரக டாக்டர் வருவார், டயாலிசிஸ் சிக்கலில்லாமல் முடிந்ததைப் பார்ப்பார், வாசலில் உங்களைக் கண்டால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னது அந்த நான்கு மணி நேர டயாலிசிஸைப் பற்றி. நீங்கள் கேட்டது உயிரைப் பற்றி. நாங்கள் உறுப்பு உறுப்பாகப் பேசுகிறோம், உங்களுக்கு இருப்பது ஒரே ஆள்.

"எதைப் பற்றிப் பரவாயில்லை என்கிறீர்கள்?" என்று அங்கேயே கேட்பது மரியாதைக் குறைவல்ல. முழுப் படத்தை யார் சொல்வார் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் ஒருவரே பேசி மற்றவர்களுக்குச் சொல்வது நல்லது. ஒரே தகவல் நான்கு பேர் வழியாகப் போனால் நான்கு தகவலாகிவிடும்.

"குழாயை எடுத்தாச்சு, நல்லா இருக்காங்கன்னு நேத்துதானே சொன்னீங்க? ராத்திரியே ஏன் திரும்பப் போட்டீங்க?"

இந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கஷ்டப்படும், ஏனென்றால் இங்கே சறுக்கியது நான்.

ஒன்பதாம் நாள் அந்த அம்மா நன்றாக விழித்திருந்தார். வென்டிலேட்டரின் உதவியை மிகவும் குறைத்து, அரை மணி நேரம் சொந்தமாக மூச்சுவிட வைத்துப் பார்த்தோம். மூச்சு வேகம் கூடவில்லை, வியர்க்கவில்லை, எண்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. குழாயை எடுத்தோம். கரகரத்த குரலில் முதல் வார்த்தையாக மகளின் பெயரைச் சொன்னார். அன்று மாலை நான் சந்தோஷத்தில் போன் செய்தேன். "குழாயை எடுத்துவிட்டோம், பேசினார், நல்லா இருக்கிறார்" என்றேன். வைத்துவிட்டேன்.

சொல்லாமல் விட்டது இது. இந்தப் பரிசோதனையில் தேறிக் குழாய் எடுக்கப்பட்டவர்களிலும் பத்துக்கு ஒருவர், சில சமயம் இருவர், இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி குழாய் தேவைப்படும் நிலைக்குப் போகிறார்கள். மூச்சுவிடுவது ஒரு வேலை, இருமிச் சளியை வெளியே தள்ளுவது வேறு வேலை. ஒன்பது நாள் படுத்த படுக்கையாக இருந்த உடலில் இருமும் தசைகள் மெலிந்துபோயிருக்கும். அந்த அம்மாவின் இருமல் அன்று மத்தியானமே பலவீனமாகத்தான் இருந்தது. நர்ஸ் அதைக் குறிப்பில் எழுதியும் வைத்திருந்தார். நான் அதைப் படித்திருந்தேன், மகளிடம் சொல்லவில்லை. இரவு சளி அடைத்துக்கொண்டது, மூச்சு நிமிடத்துக்கு 38-க்குப் போனது, அதிகாலை இரண்டு மணிக்குக் குழாயைத் திரும்பப் போட்டோம்.

திரும்பப் போட்டது பிழை அல்ல. அந்த ஆபத்தோடுதான் குழாயை எடுக்கவே முடியும். ஒருவருக்கும் திரும்பத் தேவைப்படக்கூடாது என்று காத்திருந்தால் எல்லோரையும் தேவைக்கு மேல் மெஷினிலேயே வைத்திருப்போம். நல்ல செய்தியை அதன் மறுபாதி இல்லாமல் கொடுத்ததுதான் பிழை. மறுநாள் காலை மகளை நேரில் உட்காரவைத்து, "இருமல் பலவீனமாக இருந்தது எனக்குத் தெரியும், நேற்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நேத்து ராத்திரி எல்லாருக்கும் போன் பண்ணி அம்மா வந்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது நல்ல செய்தி சொல்லும் ஒவ்வொரு முறையும், அடுத்த இரண்டு நாளில் எது பின்னோக்கி இழுக்கலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறேன்.

"மயக்க மருந்தை நிறுத்தி ரெண்டு நாளாச்சு. ஏன் கண்ணைத் திறக்கலை?"

ஏழாம் நாள் வந்த கேள்வி. சில மருந்துகள் நாள் கணக்கில் கொடுக்கும்போது உடலின் கொழுப்பில் சேர்ந்துவிடும், நிறுத்திய பிறகும் மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும். மிடசோலம் போன்றவை சிறுநீரகம் கெட்டவர்களிடம் இன்னும் நீண்ட நேரம் தங்கும். அந்த அம்மாவுக்கு அந்த மருந்துதான் ஓடியது, சிறுநீரகமும் கெட்டிருந்தது. ஆகவே இரண்டு நாள் தாமதம் எங்களுக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டு "மருந்து மயக்கம்தான், முழிச்சுக்குவாங்க" என்று சொல்வது எளிது, சரியல்ல. ரத்த அழுத்தம் விழுந்திருந்த நேரத்தில் மூளைக்கு என்ன ஆனது என்பதும் அந்தக் கட்டத்தில் எங்களுக்குத் தெரியாது.

அதனால் மகளிடம் இரண்டையும் சொன்னேன். "மருந்து தேங்கியிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மூளையில் பாதிப்பு இருக்கலாம் என்ற பயமும் இருக்கிறது. நாளை மாலைக்குள் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் தலையை ஸ்கேன் செய்வோம்." எட்டாம் நாள் காலை அவரே கண்ணைத் திறந்தார். அது என் கணிப்பு சரி என்று காட்டவில்லை, அந்த முறை அப்படி அமைந்தது.

இங்கேயே இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் விரலை அவர் கை பற்றிக்கொண்டால் அது உங்களை அடையாளம் கண்டுகொண்டதாக இருக்கலாம், வெறும் அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். நாங்கள் "கையைப் பிடிங்க" என்று சொல்வதோடு நிறுத்தாமல் "இப்போ விடுங்க" என்றும் சொல்வோம். சொன்னதும் விட்டால்தான் எங்களுக்கு அது கணக்கு. நீங்கள் கண்டதைப் பொய் என்று சொல்லவே மாட்டேன். நான் பார்த்தபோது என்ன நடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வேன்.

"நம்பிக்கையா நாலு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகும்?"

குறைந்துபோவது நேரம். "பயப்படாதீங்க, சரியாயிடும்" என்ற வார்த்தையை நம்பி, வேறு ஊரிலிருக்கும் பிள்ளைகள் வாரக்கடைசியில் வரலாம் என்று இருந்துவிட்டு, வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

உண்மையைச் சொன்னால் வீட்டார் உடைந்துபோவார்கள் என்று நாங்கள் நினைப்பதும் அவ்வளவு சரியல்ல. 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஐசியூ நோயாளிகளுக்காக முடிவெடுக்கும் உறவினர் 179 பேரிடம் இதைக் கேட்டார்கள். நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காக நோயின் போக்கைப் பற்றிப் பேசாமல் தவிர்ப்பதை ஏற்க முடியாது என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள்.

ஆறுதலாகச் சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை என்பதல்ல. எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லலாம். வலிக்கு மருந்து போகிறது, முகத்தில் வலியின் அறிகுறி இல்லை என்று நர்ஸ் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறோம். இன்று காலை தலைவாரிப் பின்னிவிட்டார்கள். இவை அன்று உண்மையாக நடந்தவை, நாளை என்ன ஆனாலும் பொய்யாகாது. அந்தப் பின்னல் விஷயத்தைச் சொன்ன அன்றுதான் மகள் முதன்முறையாக போனில் அழுதார், அதுவரை அழவே இல்லை.

உங்கள் நம்பிக்கையை நான் எடுத்துவிட மாட்டேன். அம்மா பிழைக்க வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன், அதை வாய்விட்டே சொல்வேன். என் ஆசையை என் கணிப்பு மாதிரி பேசமாட்டேன், அவ்வளவுதான்.

"அப்பாவுக்கு மனசு தாங்காது. அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர்."

நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் நேராக என்னைக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன். இதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அநேகமாக அப்பாவுக்குப் பாதி தெரிந்திருக்கும். எல்லோரும் பேச்சை நிறுத்தும் இடத்தை அவர் கவனித்திருப்பார். "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் ஐயா?" என்று அவரிடமே கேட்கலாம். "என் பொண்ணுகிட்ட சொன்னா போதும்" என்பவர்களும் இருக்கிறார்கள், அது அவருடைய முடிவு.

"இனி முடியாதுன்னு தெரிஞ்சா எப்போ சொல்வீங்க?"

முடிவாகத் தெரியும் வரை காத்திருக்கமாட்டேன், சந்தேகம் வரும்போதே சொல்வேன். முடிவாகத் தெரியும் நேரம் பெரும்பாலும் கடைசி சில மணி நேரமாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டாம் நாள் அப்படி ஒரு பேச்சு நடந்தது. இரண்டாம் முறை குழாய் போட்ட பிறகு காய்ச்சல் திரும்பியது, நார்அட்ரினலினை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. மகளையும் தம்பியையும் அப்பாவையும் ஓர் அறையில் உட்காரவைத்தோம். அவர்களை முதலில் பேசச் சொன்னேன். அம்மா எப்படிப்பட்டவர், படுத்த படுக்கையாக இருப்பதைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். அப்புறம் என் தரப்பைச் சொன்னேன். "அம்மா இதிலிருந்து வெளியே வராமல் போகலாம் என்று முன்பைவிட அதிகமாகப் பயப்படுகிறேன். புதிய ஆன்டிபயாடிக் தொடங்கியிருக்கிறோம். ஐந்து நாள் பார்ப்போம். அதற்குள் ரத்த அழுத்த மருந்து குறைந்து, காய்ச்சல் இறங்கினால் தொடர்வோம், கழுத்து வழியாகக் குழாய் வைத்து மெதுவாக மெஷினிலிருந்து விடுவிக்கப் பார்ப்போம். மருந்து கூடிக்கொண்டே போனாலோ, இன்னோர் உறுப்பு கெட்டாலோ, இதே சிகிச்சையைத் தொடர்வது அம்மாவுக்கு நல்லதா என்று மறுபடி உட்கார்ந்து பேசுவோம்."

இதில் நாள் கணக்கு மட்டும் இல்லை, என்ன பார்க்கப்போகிறோம் என்பதும் இருக்கிறது. வெறும் "24 மணி நேரம் கழித்துப் பார்க்கலாம்" என்பதிலிருந்து இது வேறுபடுவது அங்கேதான். ஐந்தாம் நாள் வந்து நிற்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வீட்டாரும் எங்களோடு சேர்ந்து பார்த்திருப்பார்கள். அதுவரை ஒவ்வொரு மாலையும் அதே இரண்டு விஷயங்களைத்தான் சொன்னேன்: பம்ப் எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, நேற்றைவிட எப்படி.

"ஒருநாள் போன் வரலைன்னா கெட்ட செய்தின்னு அர்த்தமா?"

இல்லை. வேறொரு கட்டிலில் அவசரம் என்று அர்த்தம். நிலை திடீரென்று மோசமானால் எந்த நேரமானாலும், இரவு மூன்று மணியானாலும், உடனே அழைப்போம். அழைக்க வேண்டிய எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"அந்த அம்மாவுக்குக் கடைசியில என்ன ஆச்சு?"

ஐந்து நாள் கெடுவில் மூன்றாம் நாள் பம்ப் குறையத் தொடங்கியது, ஐந்தாம் நாள் நின்றது. கழுத்தில் குழாய் வைத்தோம். பகலில் சில மணி நேரம் மெஷின் இல்லாமல், இரவில் மெஷினோடு என்று போய், 26-ஆம் நாள் ஐசியூவிலிருந்து வார்டுக்குப் போனார். உட்காரவைத்தால் பத்து நிமிடம் உட்காருவார். சில இரவுகளில் குழம்பிப்போய், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் பேசுவார். டயாலிசிஸ் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது மகள் கேட்டார், "இனி பயமில்லையே டாக்டர்?" நான் சொன்னேன்: "முதல் நாள் எனக்கு இருந்த பயம் இப்போது இல்லை. ஆனால் ஐசியூவிலிருந்து போன பிறகும் சிலர் மோசமாகித் திரும்பி வருவதுண்டு. சளியை உறிஞ்சி எடுக்கும்போது நிறம் மாறுகிறதா, மூச்சு வேகமாகிறதா என்று வார்டில் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். சிறுநீரகம் திரும்புமா என்பது இன்னும் சில வாரங்களில் தெரியலாம். பழையபடி நடப்பாரா என்று கேட்டால், அது எனக்குத் தெரியவில்லை."

அவர் தலையசைத்துவிட்டு, கையிலிருந்த நோட்டில் "சளி நிறம், மூச்சு வேகம்" என்று எழுதிக்கொண்டு கட்டிலோடு போனார்.